பெட்டி கோலாலம்பூரில் இறங்கினால் நீங்களும் இறங்க வேண்டியதுதான்

*நானும் அம்மாவும் மெல்போர்னில் இருக்கும் தம்பி வீட்டுக்குப் போகிறோம். அம்மாவுக்கு 66 வயது, முட்டிவலி உண்டு. திருச்சியிலிருந்து கோலாலம்பூர் வரை ஏர்ஏசியா. அங்கிருந்து மெல்போர்னுக்கு வேறொரு நிறுவனத்தின் விமானம். விலை குறைகிறது என்று தம்பி இரண்டையும் தனித்தனியாகப் போட்டுவிட்டான். ராத்திரி 9 மணிக்கு இறங்கினால் மறுநாள் காலை 9.40-க்குத்தான் அடுத்த விமானம், அதுவும் முதல் டெர்மினலிலிருந்து. பெட்டிகளை எங்கே வைப்பது? எங்கே படுப்பது? விமான நிலையத்தை விட்டு வெளியே வந்தால் விசா கேட்பார்களா? முடிந்தால் பத்துமலை முருகனையும் பார்த்துவிட்டு வர ஆசை.*
*— ஒரு வாசகி, தஞ்சாவூர்*

திருச்சி கவுன்டரில் பெட்டியை எடை போட்டதும் கைப்பிடியில் நீளமாக ஒரு காகிதப் பட்டையைச் சுற்றி ஒட்டுவார்கள். அதில் பெரிய எழுத்தில் மூன்று ஆங்கில எழுத்துகள் இருக்கும். MEL என்றிருந்தால் பெட்டி நேராக மெல்போர்ன் போகிறது. KUL என்றிருந்தால் கோலாலம்பூரில் இறங்கி பெல்ட்டில் சுற்றிக்கொண்டிருக்கும். நீங்கள் போய் எடுக்காவிட்டால் அங்கேயே கிடக்கும். தனித்தனி டிக்கெட் என்பதால் உங்கள் பட்டையில் KUL என்றுதான் வரும். முதல் விமானத்தைப் பொறுத்தவரை நீங்கள் கோலாலம்பூருக்குப் போகிற பயணி. மெல்போர்ன் போவது அவர்கள் கணக்கிலேயே இல்லை.

பெல்ட் இருப்பது இமிகிரேஷனைத் தாண்டி. ஆகவே வெளியே வருவதா வேண்டாமா என்று யோசிக்கிற வாய்ப்பு உங்களுக்கு இல்லை. முறைப்படி மலேசியாவுக்குள் நுழைகிறீர்கள், ஒரு ராத்திரி தங்குகிறீர்கள், காலையில் புதுப் பயணியாக அங்கிருந்து கிளம்புகிறீர்கள். இதை டிரான்சிட் என்று நினைத்துக்கொண்டு போனால் ஒவ்வொரு படியிலும் தடுமாற்றம்தான். ஒரே முன்பதிவில் இரண்டு விமானமும் இருந்து, பெட்டியும் கடைசி ஊர் வரை போகிறது என்றால் கதையே வேறு. உள்ளேயே இருந்துவிடலாம். அப்படிப்பட்டவர்களுக்காக இமிகிரேஷனைத் தாண்டாமலே படுக்கிற ஓட்டல்கள் அந்த விமான நிலையத்தின் உட்பகுதியிலேயே இருக்கின்றன. அவற்றை இணையத்தில் பார்த்துவிட்டு முன்பதிவு செய்துவிடாதீர்கள். பெட்டியோடு வெளியே வந்தபின் அந்த அறைக்குத் திரும்பிப் போக முடியாது. ஓட்டல் பெயரைப் பார்ப்பதற்கு முன்னால் அது இமிகிரேஷனுக்கு உள்ளே இருக்கிறதா, வெளியே இருக்கிறதா என்று பாருங்கள். உங்களுக்கு வேண்டியது வெளியே இருப்பது.

விசா விஷயத்தில் பயப்பட ஒன்றுமில்லை. இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு மலேசியா 2023 டிசம்பரிலிருந்து 30 நாள் வரை விசா இல்லாமல் நுழைய விடுகிறது. இந்தச் சலுகையை 2026 டிசம்பர் 31 வரை நீட்டித்திருக்கிறார்கள். போகும் தேதியோ திரும்பும் தேதியோ அதைத் தாண்டினால் மட்டும் டிக்கெட் போடும் முன்பே ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். பாஸ்போர்ட்டுக்கு ஆறு மாதம் உயிர் இருக்க வேண்டும்.

விசா வேண்டாம் என்பதால் வேலையே இல்லை என்று ஆகிவிடாது. எம்.டி.ஏ.சி. என்கிற வருகைப் பதிவை இணையத்தில் நிரப்ப வேண்டும். கோலாலம்பூரில் இறங்குவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் நிரப்புவதுதான் செல்லும். உங்களுக்கு ஒன்று, அம்மாவுக்கு ஒன்று. காசு கிடையாது. தேடினால் முதலில் வந்து நிற்கிற சில தளங்கள் காசு கேட்கும், அவை இடைத்தரகர்களுடையவை. மலேசிய இமிகிரேஷனின் சொந்த முகவரி imigresen-online.imi.gov.my என்று இருக்கும். நிரப்பும்போது பலர் தடுமாறுகிற ஓர் இடத்தைச் சொல்கிறேன். தங்கும் இடத்தின் மாநிலத்தைக் கேட்கும். எல்லோரும் கோலாலம்பூர் என்று போடுவார்கள். விமான நிலையம் இருப்பது சிலாங்கூர் மாநிலத்தில், செப்பாங்கில். விமான நிலையத்தை ஒட்டிய ஓட்டலில் தங்குகிறீர்கள் என்றால் சிலாங்கூர்தான் சரி. கிளம்பும் தேதி என்ற கட்டத்தில் மெல்போர்ன் விமானத்தின் தேதியைப் போடுங்கள், ஊர் திரும்பும் தேதியை அல்ல.

முதலில் கேள்வி வருவது மலேசியாவில் இல்லை, திருச்சியிலேயே. கவுன்டரில் இருப்பவர் திரையில் கோலாலம்பூருக்கு ஒரு வழி டிக்கெட் மட்டும் தெரியலாம். மெல்போர்ன் டிக்கெட், திரும்பி வரும் டிக்கெட், ஆஸ்திரேலிய விசா கடிதம், ஓட்டல் பதிவு நான்கையும் காகிதத்தில் அச்செடுத்து வைத்திருங்கள். ஆஸ்திரேலிய விசாவுக்கு பாஸ்போர்ட்டில் ஸ்டிக்கர் ஒட்டுவதில்லை என்பதால் அந்தக் கடிதம்தான் காட்டக்கூடியது. ‘செல்போனில் இருக்கிறது’ என்று சொல்லிவிட்டு வரிசையில் நின்றபடி சிக்னல் தேடுகிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

அம்மாவின் பாஸ்போர்ட்டை இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். ஈ.சி.ஆர். என்று அச்சாகி இருக்கிறதா? சில நாடுகளுக்கு வேலைக்குப் போகும் முன் அரசிடம் அனுமதி வாங்க வேண்டும் என்று அதற்குப் பொருள். பத்தாம் வகுப்பு முடிக்காதவர்களுக்கு அப்படி வரலாம். அந்த முத்திரைக்குக் கட்டுப்பட்ட 18 நாடுகளில் மலேசியா உண்டு, ஆஸ்திரேலியா இல்லை. மெல்போர்னுக்கு நேராகப் போயிருந்தால் யாரும் கண்டுகொண்டிருக்க மாட்டார்கள். மலேசியா வழியாகப் போவதால் திருச்சி இமிகிரேஷனில் ‘அம்மா எதுக்குப் போறாங்க?’ என்று கேட்கலாம். 50 வயதைத் தாண்டியவர்களுக்கு அந்தக் கட்டாயம் கிடையாது, வேலைக்குப் போகவில்லை என்றால் இன்னும் பிரச்சினை இல்லை. திரும்பி வரும் டிக்கெட்டைக் காட்டினால் போதும். அம்மாவே பதில் சொல்லட்டும், நீங்கள் முந்திக்கொள்ள வேண்டாம்.

கோலாலம்பூர் இமிகிரேஷன் அதிகாரியிடம் நீட்டி முழக்க வேண்டியதில்லை. ஒரு ராத்திரி, காலையில் மெல்போர்ன், இதோ டிக்கெட், இதோ ஓட்டல். அவ்வளவுதான். இரண்டு ஆள்காட்டி விரல்களின் ரேகையை எடுப்பார்கள். வேலை செய்து தேய்ந்த விரல் என்றால் ரேகை சட்டென்று பதியாது. கையைத் துடைத்துவிட்டு மறுபடி வைக்கச் சொல்வார்கள், அதற்காக அம்மா பதற வேண்டாம்.

ஒரே ஒரு சாராருக்கு மட்டும் இந்த இரண்டு டிக்கெட் ஏற்பாட்டை நான் செய்து தருவதே இல்லை. முன்பு மலேசியாவில் வேலை பார்த்து, அனுமதி முடிந்தபின்னும் தங்கிவிட்டு வந்தவர்கள். அவர்கள் பெயர் கறுப்புப் பட்டியலில் இருக்கக்கூடும். சில வருடங்களுக்கு முன் புதுக்கோட்டைப் பக்கத்துப் பையன் ஒருவர் இதைச் சொல்லாமலே என்னிடம் டிக்கெட் எடுத்தார். வேறு நாட்டில் வேலை, மலேசியா வெறும் வழிதான், யார் கேட்கப் போகிறார்கள் என்று நினைத்திருக்கிறார். ரேகை வைத்ததும் பழைய கணக்கு திரையில் வந்துவிட்டது. அங்கே அதற்கு ‘நாட் டு லேண்ட்’ என்று பெயர். ஒரு அறையில் உட்காரவைத்து அடுத்த திருச்சி விமானத்தில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். இரண்டாவது டிக்கெட்டின் காசு போனது போனதுதான். அதிலிருந்து, மலேசியா வழி என்று யார் வந்தாலும் நான் கேட்கும் முதல் கேள்வி, ‘இதுக்கு முன்னாடி அங்க இருந்திருக்கீங்களா?’ உங்கள் வீட்டில் அப்படி யாரும் இல்லை என்றால் இந்தப் பத்தியை மறந்துவிடலாம்.

இனி உங்கள் ராத்திரியை மணிக்கணக்காகப் பார்ப்போம். 9 மணிக்கு இறங்கும் இடம் இரண்டாவது டெர்மினல். அங்கே நடை நீளம், அம்மாவுக்குக் கட்டாயம் சக்கர நாற்காலி வேண்டும். அதை இரண்டு டிக்கெட்டிலும் தனித்தனியாக, முன்கூட்டியே கேட்டு வையுங்கள். முதல் நிறுவனத்தின் நாற்காலி வெளிவாசலோடு நின்றுவிடும், மறுநாள் காலை முதல் டெர்மினலில் தானாக வேறொன்று வந்து நிற்காது. நடை, இமிகிரேஷன் வரிசை, பெட்டி எல்லாம் சேர்த்து வெளியே வரும்போது 10.30 ஆகிவிடும் என்று வைத்துக்கொள்ளுங்கள். மெல்போர்ன் கவுன்டர் விமானத்துக்கு மூன்று மணி நேரம் முன்னால், அதாவது காலை 6.40 வாக்கில் திறக்கும். அதற்கு முன் பெட்டியை வாங்கமாட்டார்கள். நடுவில் எட்டு மணி நேரம் பெட்டி உங்கள் பொறுப்பு.

இரண்டு டெர்மினலிலும் இமிகிரேஷனுக்கு வெளியே பெட்டி பாதுகாக்கும் கடை இருக்கிறது. பெட்டியின் அளவைப் பார்த்துக் காசு வாங்கிக்கொண்டு ரசீது தருவார்கள். அதைப் பயன்படுத்துவதாக இருந்தால் ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: எந்த டெர்மினலிலிருந்து கிளம்புகிறீர்களோ அங்கே வையுங்கள். இறங்கிய இடத்தில் களைப்போடு கொடுத்துவிட்டு, காலையில் முதல் டெர்மினல் வரிசையில் நிற்கும்போது நினைவு வந்து ஓடியவர்கள் உண்டு. ரசீதை பாஸ்போர்ட்டுக்குள் வைக்காதீர்கள், ஒவ்வொரு முறை பாஸ்போர்ட்டை நீட்டும்போதும் நழுவும்.

உங்களுக்கு அந்தக் கடையே தேவையில்லை என்பது என் கருத்து. 66 வயது, முட்டிவலி, 12 மணி நேரக் காத்திருப்பு, அதன்பிறகு எட்டு மணி நேரத்துக்கு நெருக்கமான இன்னொரு பறத்தல். இதில் நாற்காலியில் உட்கார்ந்து விடியவிடுவது சிக்கனம் இல்லை. அறை எடுத்தால் பெட்டியும் அறைக்குள் வந்துவிடும், காவலுக்கும் ஆள் வேண்டாம். இரண்டாவது டெர்மினலிலிருந்து கூரை போட்ட பாதையில் நடந்தே போகிற தூரத்தில் டியூன் ஓட்டல் இருக்கிறது. அறை சின்னது, ஆனால் கட்டில், குளியலறை, கதவுக்குப் பூட்டு எல்லாம் உண்டு. முதல் டெர்மினலோடு பாலத்தால் இணைந்த சமா-சமா ஓட்டல் வசதியானது, விலையும் அதற்கேற்றபடி. தம்பி காசு கொடுக்கிறார் என்றால் சமா-சமா. ராத்திரியே முதல் டெர்மினல் போய்விட்டால் காலையில் பெட்டியோடு இடம் மாறுகிற வேலை மிச்சம்.

இரண்டாவது டெர்மினலை ஒட்டிய வணிக வளாகத்திலேயே கேப்சூல் ஓட்டல் ஒன்றும் உண்டு. 3, 6, 12 மணி நேரம் என்று கணக்கிட்டு விடுகிறார்கள். மலிவு. ரயிலின் ஸ்லீப்பர் பெர்த்தை நான்கு பக்கமும் மூடி விளக்கு போட்டதுபோல இருக்கும். குளியலறை பொது. மேல் தட்டு கிடைத்தால் ஏணியில் ஏற வேண்டும். தனியாகப் போகிற இளவட்டங்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன், உங்கள் அம்மாவுக்குச் சொல்லமாட்டேன். ராத்திரி எழுந்து பாத்ரூம் போக வேண்டியவரை அதில் படுக்கவைப்பது பாவம்.

டெர்மினல்களுக்கு இடையே ரயில் மூன்று நிமிடம்தான், கட்டணம் சொற்பம். நள்ளிரவு வாக்கில் நின்றுவிட்டு விடியற்காலை 5 மணி போல மறுபடி தொடங்கும். இலவசப் பேருந்தும் ஓடுகிறது. பெட்டியைத் தூக்கி ஏற்ற வேண்டும் என்பதால் நான் ரயிலைத்தான் சொல்வேன். டியூனில் தங்கினால் 5.45-க்கு அறையைக் காலி செய்யுங்கள், 6.30-க்கு முதல் டெர்மினல் கவுன்டர் முன்னால் இருப்பீர்கள்.

அறை எதுவும் கிடைக்காமல் டெர்மினலிலேயே இருக்க நேர்ந்தால், ஆள் நடமாட்டமும் வெளிச்சமும் இருக்கிற இடமாகப் பாருங்கள். மூலையில் அமைதியாக இருக்கிறதே என்று போகவேண்டாம். பாஸ்போர்ட், டிக்கெட், பணம் மூன்றும் கைப்பையில் அல்ல, உடம்போடு ஒட்டிய பையில். பெட்டியின் கைப்பிடிக்குள் துப்பட்டாவை நுழைத்துக் கையில் சுற்றிக்கொண்டு ஒருவர் தூங்க, ஒருவர் விழித்திருக்கலாம். ஏசி குளிர் எலும்பைத் துளைக்கும், ஒரு போர்வை கைப்பையிலேயே இருக்கட்டும். அம்மாவின் மாத்திரைகளும் மருத்துவர் சீட்டும் அதே பையில். பெட்டிக்குள் போட்டால் ராத்திரி 11 மணிக்கு அந்தக் கூடத்தில் பெட்டியைத் திறந்து புடவைகளை வெளியே எடுத்து வைக்கவேண்டி வரும்.

அந்த விமான நிலையத்தில் சுற்றிலும் தமிழ் கேட்கும். அது ஆறுதலும்தான், ஆபத்தும்தான். ‘அக்கா, எடை கூடிப்போச்சு, இந்தப் பையை மட்டும் உங்க கணக்குல போட்டுக்கங்க’ என்று ஒரு தம்பி வந்து நிற்பார். திருச்சிப் பாதையில் குருவிகள் அதிகம் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். எல்லாரும் தங்கம்தான் கொண்டுபோகிறார்கள் என்று சொல்ல முடியாது. மலேசியாவில் போதைப்பொருள் கடத்தலுக்குத் தூக்குத் தண்டனை சட்டத்தில் இன்னும் இருக்கிறது. பை யாருடைய பெயரில் இருக்கிறதோ அவர்தான் பதில் சொல்ல வேண்டும். அதற்குள் இருப்பது முறுக்கு என்று சொன்னாலும் கையால் தொடாதீர்கள். கொஞ்ச நேரம் பார்த்துக்கொள்ளச் சொன்னால்கூட மறுத்துவிட்டு இடம் மாறி உட்காருங்கள்.

சின்னதாக இரண்டு விஷயம். அங்கே ப்ளக் பாயின்ட் சதுர மூன்று முள், நம் ஊர் உருண்டை முள் நேராக நுழையாது. அடாப்டரைத் திருச்சியிலேயே வாங்கிவிடுங்கள். அடுத்தது அலாரம். மலேசிய நேரம் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால். போனில் நெட்வொர்க் இருந்தால் நேரம் தானாக மாறிவிடும். ரோமிங் போடாமல் ஏரோப்ளேன் மோடிலேயே வைத்திருந்தால் இந்திய நேரமே காட்டிக்கொண்டிருக்கும். என்னிடம் டிக்கெட் எடுத்த ஒருவர் 5 மணிக்கு அலாரம் வைத்து நிம்மதியாகத் தூங்கி, அது அடித்தபோது அங்கே மணி ஏழரை. அவருடைய விமானம் எட்டு மணிக்கு. படுக்கும் முன் சுவரில் இருக்கிற கடிகாரத்தோடு போனை ஒத்துப் பாருங்கள், ஓட்டல் வரவேற்பிலும் எழுப்பச் சொல்லிவையுங்கள்.

பெட்டி எடையையும் தம்பியிடம் கேளுங்கள். இரண்டு நிறுவனம், இரண்டு அளவு. எது குறைவோ அதற்கேற்றபடி கட்டுங்கள். திருச்சியில் 25 கிலோவுக்குக் காசு கட்டிவிட்டு, மெல்போர்ன் டிக்கெட்டில் ஒரு பெட்டிக்கு 23 என்று இருந்தால், காலை 7 மணிக்குக் கவுன்டர் முன்னால் ஊறுகாய் பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பீர்கள். கைப்பைக்கும் மாற்ற முடியாது, 100 மில்லி விதி இருக்கிறது.

தனித்தனி டிக்கெட்டில் இன்னொரு கஷ்டம், முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது நிறுவனம் பொறுப்பேற்காது. ‘நீங்கள் வரவில்லை’ என்று எழுதிவிட்டுப் போய்விடும். அந்த வகையில் உங்களுடைய பன்னிரண்டரை மணி நேர இடைவெளி பாதுகாப்புதான். திருச்சியில் நான்கைந்து மணி நேரம் தாமதமானால்கூடப் பிடித்துவிடலாம். தம்பியைத் திட்ட வேண்டாம். மூன்று மணி நேர இடைவெளியில் போட்டிருந்தால்தான் திட்டியிருக்க வேண்டும்.

பத்துமலை இந்த முறை வேண்டாம். விமான நிலையம் நகரத்துக்குத் தெற்கே 50 கிலோமீட்டருக்கு மேல், பத்துமலை நகரத்தைத் தாண்டி வடக்கே. நீங்கள் வெளியே வரும்போது மணி பத்தரை, போய்ச் சேரும்போது நடுராத்திரி. நடை சாத்தியிருக்கும், திரும்பிவர ரயிலும் இருக்காது.

திரும்பி வரும்போது காலையில் இறங்கி ராத்திரி கிளம்புகிற மாதிரி, நடுவில் பத்து மணி நேரமாவது இருந்தால் தாராளமாகப் போகலாம். அப்போதுதான் பெட்டிக் கடை உங்களுக்கு உண்மையில் உதவும். முதல் டெர்மினலில் இறங்கியதும் பெட்டியோடு இரண்டாவது டெர்மினல் வந்து, அங்கே ஒப்படைத்துவிட்டு விரைவு ரயிலில் கே.எல். சென்ட்ரல். அரை மணி நேரம்தான். அங்கிருந்து பத்துமலைக்கு நேராக கொம்யூட்டர் ரயில் உண்டு, அடிக்கடி வராது என்பதால் இறங்கியதுமே திரும்பும் நேரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். திரும்பவும் நாட்டுக்குள் நுழைவதால் எம்.டி.ஏ.சி.யையும் புதிதாக நிரப்ப வேண்டும், போகும்போது நிரப்பியது செல்லாது. குகைக்கு 272 படி. அம்மா ஏற வேண்டியதில்லை. 140 அடி முருகன் சிலை கீழேதான் நிற்கிறது, பக்கத்திலேயே கோயில்களும் உண்டு. நீங்கள் மேலே போய் வரும்வரை அவர் உட்கார்ந்திருக்கலாம், தின்பண்டத்தை மட்டும் மடியில் வைத்திருக்க வேண்டாம். குரங்குகள் பிடுங்கிக்கொண்டு போய்விடும்.